எண்டோகார்டைட்டிஸ்: இதய உள்ளுறைக் கிருமித்தொற்று

சின்ன வயதில் இருதய ஓட்டைக்கு ஒபரேஷன் செய்து, இப்போது வளர்ந்து வேலைக்குப் போகிறவர்களின் கிளினிக் கொப்பியில் அடிக்கடி கண்ணில் படும் சொல் எண்டோகார்டைட்டிஸ். கிரேக்கத்தில் ‘எண்டோ’ என்றால் உள்ளே, ‘கார்டியா’ என்றால் இதயம். ‘ஐட்டிஸ்’ முதலில் ‘அதைச் சேர்ந்த நோய்’ என்ற அளவில்தான் பொருள் தந்தது. அழற்சி என்ற பொருள் பிறகு அதில் நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரெஞ்சு மருத்துவர் பூயோ இதயத்தின் உட்பூச்சுக்கு எண்டோகார்டியம் என்றும், அதன் நோய்க்கு எண்டோகார்டைட்டிஸ் என்றும் பெயரிட்டார்.

தமிழில் ‘இதய உள்ளுறை அழற்சி’ என்று எழுதுவது வழக்கம். ‘உள்ளுறை’ நல்ல சொல். இதய அறைகளுக்கும் வால்வுகளுக்கும் உட்புறம் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையை அது சரியாகக் காட்டுகிறது. ‘அழற்சி’ அழல், அதாவது நெருப்பு, என்பதிலிருந்து வந்தது. எழுத்தில் அது சரிதான், காதில் விழும்போதுதான் சிக்கல். லயத்து வீட்டில் அதைச் சொன்னால் பலருக்கு ‘அலர்ஜி’ என்றே கேட்கும். “எனக்கு அலர்ஜி இருக்கு” என்று ஒருவர் பல் டொக்டரிடம் போய்ச் சொன்னால், பல் பிடுங்கும் முன் இந்த நோய் வராமல் தடுக்க நோயாளிக்குக் கொடுக்கவேண்டிய பெனிசிலின் வகை மருந்தே கைவிடப்படலாம். அதனால் ‘இதய உள்ளுறைக் கிருமித்தொற்று’ என்பதையே நான் விரும்புகிறேன். நோய் எங்கே, காரணம் என்ன என்ற இரண்டும் அதில் இருக்கின்றன.

நோய் உண்டாகும் விதத்திலும் இந்த உள்ளுறைதான் முக்கியம். நலமான உள்ளுறையில் கிருமி எளிதில் ஒட்டாது. ஒபரேஷனில் ஓட்டையை அடைக்கத் தைத்த ஒட்டுத்துணியில் தொடக்கத்தில் உள்ளுறை கிடையாது. ஏறத்தாழ 6 மாதத்தில் அதன் மேல் புது உள்ளுறை படர்ந்து மூடிவிடும், ஆபத்தும் இறங்கிவிடும். ஆனால் ஒட்டின் ஓரத்தில் சிறு கசிவு மிஞ்சியிருந்தால், அங்கே பீறிடும் இரத்தம் உறையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். தேய்ந்த இடத்தில் மெல்லிய இரத்தக்கட்டி படியும். ஈறிலிருந்து இரத்தத்தில் கலந்த கிருமி அதில் குடியேறிவிடும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கும் 29 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். இதய ஓட்டையோடு பிறக்கும் குறையான ஃபலோ நோய்க்கு ஏழு வயதில் ஒபரேஷன் நடந்தது. ஒட்டின் ஓரத்தில் சிறு கசிவு இருக்கிறது. “ஓட்டைதான் அடைச்சாச்சே” என்று பல வருடமாகக் கிளினிக் போகவில்லை. சொத்தைப்பல்லைப் பிடுங்குகிறார், ஒபரேஷன் கதையைச் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து அந்தியில் குளிர்காய்ச்சல், இரவில் வியர்வை. கடையில் வாங்கிய அன்ரிபயோட்டிக்கை ஐந்து நாள் போட்டதும் காய்ச்சல் விட்டுவிடுகிறது. அப்புறம் திரும்பி வருகிறது. மேலே போட்டிருந்த சட்டையும் தொளதொளவென்று ஆகிறது.

மருந்துக்கு அடங்கி, நிறுத்தியதும் திரும்பும் காய்ச்சல் இப்படிப்பட்டவரிடம் பெரிய எச்சரிக்கை. இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் நோயைப் பிடிக்கும், அதற்கு அன்ரிபயோட்டிக் கொடுப்பதற்கு முன்பே வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று தடவை இரத்தம் எடுப்பார்கள். முன்பே மாத்திரை விழுங்கியிருந்தால் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் தவிக்க நேரும். எக்கோ ஸ்கேனில் கிருமிக்கட்டி தெரிந்தால் ஊசிமருந்து பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போகும். வால்வு கெட்டுவிட்டால் மறுபடி ஒபரேஷன்.

அவர் முன்பே சொல்லியிருந்தால், ஈறைக் கிளறும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமொக்ஸிசிலின் 2 கிராம் ஒரே தடவை கொடுத்திருப்பார்கள். ஒபரேஷன் செய்த எல்லோருக்கும் இது தேவையில்லை. செயற்கை வால்வு உள்ளவர்கள், ஒட்டுப்பக்கம் கசிவு மிஞ்சியவர்கள், ஒட்டு வைத்து 6 மாதம் ஆகாதவர்கள், இந்த நோய் ஒருமுறை வந்தவர்கள், உடலில் நீலம் பாயும் பிறவி இதயக் குறை இன்னும் சரிசெய்யப்படாதவர்கள் ஆகியோருக்குத்தான்.

கசிவு இருக்கிறதா என்று எக்கோவில் பார்க்காமல் யாருக்கும் தெரியாது. கிளினிக்கை விடக்கூடாது என்பதற்கு முதல் காரணம் அதுதான். ஃபலோ ஒபரேஷன் செய்தவர்களுக்கு வடு இருக்கும் இடத்திலிருந்து பின்னாளில் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறலாம். திடீர்ப் படபடப்போ மயக்கமோ வந்தால் ஈசீஜீ எடுக்கவேண்டும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே எக்கோ எடுத்து, வால்வும் இதய அறையும் சுமையைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளட்டும். சொத்தைப்பல்லையும் அந்த நேரத்திலேயே கவனித்துவிடலாம். சாதாரணப் பிரசவத்துக்கென்று இந்த நோய்த்தடுப்பு மருந்து பொதுவாகத் தேவைப்படாது. கர்ப்பத்தில் வரும் நீண்ட காய்ச்சலுக்கோ இரத்தச் சோதனை கட்டாயம்.