மிச்செல்ஸ்கி விரிவு: முக்கோணி இல்லாமலே நிறங்களைக் கூட்டும் முறை

வரைபுக் கொள்கை படிக்கிற கம்பஸ் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ‘மைசீல்ஸ்கியன்’ என்ற சொல்லைச் சந்திக்கிறார்கள். யான் மிச்செல்ஸ்கி என்ற போலந்துக் கணிதவியலாளரின் பெயரோடு ஆங்கில விகுதி ஒன்றை ஒட்டி உண்டாக்கிய சொல் இது. போலிஷ் மொழியில் அந்தப் பெயரின் நடு எழுத்துகள் ‘ச்செ’ என்றே ஒலிக்கும். ‘மைசீல்’ என்பது ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து வந்த வாசிப்பு. பெயரைத் தமிழில் எழுதும்போது ஆங்கில வாசிப்பைச் சுமக்கவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. விகுதிக்குப் பதிலாக ‘விரிவு’ என்று வைத்தால் ‘மிச்செல்ஸ்கி விரிவு’ என்ற நல்ல சொல் கிடைக்கிறது. செய்யும் வேலையை ‘விரித்தல்’ என்றும் கிடைக்கும் வரைபை ‘விரிவு’ என்றும் சொல்லலாம். ‘பெருக்கம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது இரண்டு வரைபுகளின் பெருக்கத்தோடு குழம்பும் என்பதால் தவிர்ப்பது நல்லது.

மற்றச் சொற்களில் நமக்குச் சிரமமில்லை. கொழும்பில் தமிழ் மொழிமூலம் சாதாரண தரம் படித்தவருக்கு ‘முக்கோணி’, ‘ஐங்கோணி’, ‘உச்சி’ எல்லாம் வகுப்பறைச் சொற்கள். தமிழ்நாட்டு நூல்களில் இவை ‘முக்கோணம்’, ‘முனை’ என்று வரும். வரைபைக் ‘கோட்டுரு’ என்று எழுதுவோரும் உண்டு. இந்தக் கட்டுரையில் வரைபு என்பது உச்சிகளும் அவற்றைச் சோடி சோடியாக இணைக்கும் விளிம்புகளும் மட்டுமே. ஆள்கூற்றுத் தளத்தில் சார்பொன்றுக்கு வரையும் வரைபு வேறு.

நிறந்தீட்டல் என்றால், விளிம்பால் இணைந்த இரண்டு உச்சிகளுக்கு ஒரே நிறம் வராதபடி எல்லா உச்சிகளுக்கும் நிறம் கொடுப்பது. அதற்குத் தேவையான மிகக் குறைந்த நிறங்களின் எண்ணிக்கை நிறவெண். வெள்ளவத்தையில் ஒரு டியூஷன் நிலையம் வார இறுதி நேரசூசி போடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வகுப்பும் ஓர் உச்சி. ஒரே பிள்ளை இரண்டு வகுப்பில் இருந்தால் அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு விளிம்பு. நேரப்பகுதிதான் நிறம். மூன்று வகுப்புகள் ஒன்றோடொன்று மோதினால் அது முக்கோணி. மூன்று நேரப்பகுதி இல்லாமல் முடியாது. அப்படியானால் முக்கோணி எதுவுமே இல்லாத நேரசூசிக்கு இரண்டோ மூன்றோ பகுதி போதும் என்று தோன்றும். அது பிழை. முக்கோணியே இல்லாமல் பத்து நிறம், நூறு நிறம் கேட்கும் வரைபுகளும் உண்டு. அவற்றைப் படிப்படியாகக் கட்டும் மிக எளிய வழியை மிச்செல்ஸ்கி 1955இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய சிறு கட்டுரையில் கொடுத்தார். அப்படிப்பட்ட வரைபுகள் இருப்பதை ஸிக்கோவ் என்ற கணிதவியலாளர் 1949இலேயே காட்டியிருந்தார். ‘பிளான்ச் டெக்கார்ட்’ என்ற புனைபெயரில் டட் என்பவரும் ஒரு கட்டமைப்பைத் தந்தார். ஆனால் அவற்றில் வரைபு மிக விரைவாக ஊதிவிடும். கையால் வரைந்து பார்க்க உகந்தது மிச்செல்ஸ்கியின் வழிதான்.

விரிக்கும் முறை இது. தொடக்க வரைபின் உச்சிகளை v1, v2, … vn என்று குறியுங்கள். அந்த வரைபு அப்படியே இருக்கட்டும். ஒரு விளிம்பையும் அழிக்கவேண்டாம். ஒவ்வொரு vi இற்கும் ui என்ற ஒரு நிழலுச்சியைச் சேருங்கள். vi யாரோடெல்லாம் இணைந்திருக்கிறதோ, அந்த v உச்சிகளோடெல்லாம் ui யையும் இணையுங்கள். கடைசியாக w என்ற ஒற்றை உச்சியைச் சேர்த்து, எல்லா நிழலுச்சிகளோடும் அதை இணையுங்கள். n உச்சியும் m விளிம்பும் இருந்த வரைபு இப்போது 2n+1 உச்சியும் 3m+n விளிம்பும் கொண்டதாகிவிட்டது.

ஐங்கோணியை எடுத்துச் செய்து பார்ப்போம். v1-v2-v3-v4-v5-v1 என்ற வளையம்: 5 உச்சி, 5 விளிம்பு, நிறவெண் 3. நிழலுச்சிகளின் இணைப்புகள் இப்படி அமையும்:

```
u1: v2, v5
u2: v1, v3
u3: v2, v4
u4: v3, v5
u5: v4, v1
w : u1, u2, u3, u4, u5
```

பழைய 5, நிழல்களின் 10, w இன் 5 என்று மொத்தம் 20 விளிம்பு, உச்சிகள் 11. ஒவ்வொரு v உம் நான்கு விளிம்பிலும், ஒவ்வொரு u உம் மூன்று விளிம்பிலும், w ஐந்து விளிம்பிலும் இருக்கவேண்டும். கையால் வரைந்தவர்கள் இந்த மூன்று எண்களையும் சரிபார்த்துவிட்டே மேலே போகவேண்டும். விடுபட்ட கோடு பெரும்பாலும் இங்கேயே பிடிபடும். இந்த 11 உச்சி வரைபுக்குத்தான் குரோட்ச் வரைபு என்று பெயர். விளிம்புகள் வெட்டாமல் தாளில் வரையக்கூடிய வரைபு தள வரைபு. முக்கோணி இல்லாத தள வரைபு ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம் போதும் என்று குரோட்ச் 1959இல் நிறுவினார். இந்த வரைபுக்கு மூன்று போதாது. ஆகவே விளிம்புகள் வெட்டாமல் இதைத் தாளில் வரையவே முடியாது. கோடுகள் குறுக்கிடுகின்றனவே என்று திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பது வீண்வேலை.

புதிதாக முக்கோணி ஏன் வரவில்லை? w உடன் விளிம்பால் இணைந்த உச்சிகள், அதாவது அதன் அயல்கள், எல்லாம் நிழல்கள். நிழல்களுக்குள் இணைப்பே இல்லை. எனவே w எந்த முக்கோணியிலும் சேராது. நிழல்கள் தமக்குள் இணையாததால் ஒரு முக்கோணியில் ஒரு நிழல்தான் இருக்கலாம். ui, vj, vk ஒரு முக்கோணி என்றால், vj உம் vk உம் vi இன் அயல்கள். அப்போது vi, vj, vk என்ற முக்கோணி பழைய வரைபிலேயே இருந்திருக்கவேண்டும். பழையதில் இல்லையென்றால் புதியதிலும் இல்லை.

பிழை செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் செய்கிறார்கள். ui யை அதன் சொந்த vi யோடு இணைத்துவிடுவது ஒன்று. நிழல் என்ற பெயரே அந்த ஆசையைத் தூண்டுகிறது. ஆனால் vi, ui இரண்டுக்கும் பொதுவான அயல் vj இருப்பதால் உடனே முக்கோணி வந்துவிடும். vi-vj விளிம்பைப் பார்த்து ui-uj விளிம்பையும் போடுவது இன்னொன்று. அப்போது ui, uj, w முக்கோணியாகும். w ஐ v உச்சி ஒன்றோடு இணைத்தாலும், அந்த v இன் அயலொன்றின் நிழல் மூன்றாவது மூலையாக நிற்கும்.

நிறவெண் சரியாக ஒன்று கூடும் என்பதை இரண்டு பாகமாகப் பார்க்கவேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது என்பது எளிது: ui இற்கு vi இன் நிறத்தையே கொடுத்து, w இற்கு மட்டும் புதிய நிறம் கொடுத்தால் போதும். w இல்லாவிட்டால் அந்தப் புதிய நிறமும் தேவைப்படாது. நிழல்களைச் சேர்த்துவிட்டு w ஐ மறந்தவருக்கு வரைபு பெருத்திருக்கும், நிறவெண் அப்படியே இருக்கும்.

ஒன்று கட்டாயம் கூடும் என்பதுதான் அழகான பாகம். பழைய வரைபின் நிறவெண் k என்று கொள்வோம். விரிவை k நிறத்தாலேயே தீட்டிவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். அவருடைய w சிவப்பு என்று வைப்போம். நிழல் ஒன்றுகூடச் சிவப்பாக இராது. v உச்சிகளில் சிவப்பாக இருப்பவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் நிழலின் நிறத்தைக் கொடுங்கள். சிவப்பு vi இன் அயல்கள் எதுவும் சிவப்பல்ல, ஆகவே அவை நிறம் மாறவில்லை. அந்த அயல்களோடு ui உம் இணைந்திருப்பதால் ui இன் நிறம் அவற்றோடு மோதாது. முடிவில் பழைய வரைபு சிவப்பே இல்லாமல், k-1 நிறத்தால் தீட்டப்பட்டுவிட்டது. நிறவெண் k என்ற தொடக்கத்துக்கு இது முரண்.

ஐங்கோணியிலே இதைக் கண்ணால் காணலாம். v1 முதல் v5 வரை 1, 2, 1, 2, 3 என்று நிறம் போடுங்கள். w இற்கு 3 கொடுத்தால் u5 சிக்கும்: அதன் அயல்கள் v4 இல் 2, v1 இல் 1, w இல் 3. w இற்கு 1 கொடுத்தால் u1 சிக்கும். v2 இல் 2, v5 இல் 3. w இற்கு 2 கொடுத்தால் u2 தப்பிவிடும், அதற்கு 3 கிடைக்கும். ஆனால் v3 இல் 1, v5 இல் 3 என்பதால் u4 சிக்கிவிடும். ஐங்கோணியை மூன்று நிறத்தால் எப்படித் தீட்டினாலும், சுழற்றியோ நிறங்களின் பெயரை மாற்றியோ இந்தத் தீட்டலுக்கே கொண்டுவந்துவிடலாம். ஆகவே இந்த மூன்று சோதனையோடு வேலை முடிந்தது.

ஒற்றை விளிம்பிலிருந்து தொடங்கித் திரும்பத் திரும்ப விரித்தால் உச்சிகள் 2, 5, 11, 23, 47, 95 என்றும் விளிம்புகள் 1, 5, 20, 71, 236, 755 என்றும் போகும். நிறவெண் 2, 3, 4, 5, 6, 7. பத்து நிறம் கேட்கும் வரைபு வேண்டுமென்றால் 767 உச்சி ஆகிவிடும். இது சிக்கனமான வழியல்ல. நான்கு நிறத்துக்கு 11 உச்சிதான் மிகக் குறைவு என்று ஹ்வாதல் 1974இல் நிறுவினார். ஆனால் ஐந்து நிறத்துக்கு 22 உச்சி போதும் என்று ஜென்சனும் ரோயிலும் 1995இல் காட்டினார்கள். விரிவு தருவதோ 23. நிறவெண் k பெரிதாகும்போது, முக்கோணியற்ற வரைபுக்கு ஏறத்தாழ k² log k அளவிலான உச்சிகளே போதும் என்று இன்று தெரியும். விரிவிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் அளவு இரட்டிக்கிறது. இன்னொரு எல்லையும் உண்டு. vi இற்கு இரண்டு அயல்கள் இருந்தால் vi, ui, அந்த இரண்டு அயல்கள் என்று நான்கு விளிம்பு வளையம் கட்டாயம் உருவாகும். முக்கோணியோடு நாற்கோணியும் வேண்டாம் என்பவருக்கு இந்த முறை உதவாது; குறுகிய வளையங்கள் எதுவுமின்றி நிறவெண் எவ்வளவும் உயரலாம் என்று 1959இல் நிகழ்தகவு வழியாகக் காட்டியவர் எர்தோஸ்.

கணினியில் சரிபார்க்க விரும்புவோருக்குப் பைத்தனின் networkx இல் இது ஆயத்தமாக உண்டு:

```python
import networkx as nx
M = nx.mycielskian(nx.cycle_graph(5))
print(M.number_of_nodes(), M.number_of_edges())
print(sum(nx.triangles(M).values()))
```

11 20 என்றும் அடுத்த வரியில் 0 என்றும் வரவேண்டும். `nx.greedy_color` தரும் எண்ணிக்கையை நிறவெண் என்று எடுத்துவிடக்கூடாது. அது இத்தனை நிறத்தால் முடியும் என்கிறதே ஒழிய, இதைவிடக் குறைவாக முடியாது என்று சொல்லவில்லை. இலக்கமிடலிலும் ஒரு பொறி இருக்கிறது. `nx.mycielski_graph(4)` என்றால் நிறவெண் 4 உள்ள குரோட்ச் வரைபு. நிறந்தீட்டல் நிரல்களைச் சோதிக்கப் பயன்படும் கோப்புத் தொகுப்பிலோ அதே வரைபு `myciel3.col` என்ற பெயரில் இருக்கிறது. `myciel4.col` ஐத் திறந்து 11 உச்சியைத் தேடினால் 23 தான் கிடைக்கும்.