ஹெச்டிஆர்: உயர் ஒளிர்வு வீச்சு

பிளேஸ்டேஷன் 5-இல் ஹெச்டிஆரைப் போட்டால் டிவியில் படம் சாயம் போனதுபோல் தெரிவது ஏன்? பெயரிலிருந்தே தொடங்குவோம். ஹெச்டிஆர் என்பது ஹை டைனமிக் ரேஞ்ச் என்பதன் சுருக்கம். டைனமிக் என்பதன் வேர், ஆற்றலைக் குறிக்கும் 'தியுனாமிஸ்' என்ற கிரேக்கச் சொல். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு டைனமிக் ரேஞ்ச் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள விகிதம். படத்தில் அதுவே மிகக் கருமையான புள்ளிக்கும் மிக வெளிச்சமான புள்ளிக்கும் உள்ள விகிதம்.

தமிழில் 'இயங்கு வீச்சு' என்பார்கள். இங்கே எதுவும் இயங்கவில்லையே! பத்தாம் வகுப்புக் கணக்கில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வருவது வீச்சு. இங்கே கழிப்பதில்லை, வகுக்கிறோம், அவ்வளவுதான். ஆகவே 'உயர் ஒளிர்வு வீச்சு' என்பதே என் தேர்வு. 'ஒளிவீச்சு' என்று சேர்த்தெழுதினால் கலங்கரை விளக்கம்தான் நினைவுக்கு வரும்.

ஒளிர்வை 'நிட்' என்ற அலகால் அளக்கிறார்கள். பழைய முறைப் படத்தின் வெள்ளைக்கு அளவுகோல் 100 நிட். சிக்னலின் எந்த அளவுக்கு எத்தனை நிட் என்று சொல்வது ஒரு வளைவு. ஹெச்டிஆர் சிக்னலின் 'பிக்யூ' வளைவோ 10,000 நிட் வரை இடம் வைத்திருக்கிறது. அதனால் 100 நிட் வெள்ளை சிக்னலின் பாதியிலேயே, சுமார் 51 விழுக்காட்டில் உட்கார்ந்துவிடும். கன்சோலுக்கும் டிவிக்கும் நடுவில் செருகிய ஒரு பெட்டி 'இது ஹெச்டிஆர்' என்ற குறிப்பை விழுங்கிவிட்டால், டிவி அந்த 51-ஐப் பழைய வளைவில் படித்து ஏறக்குறைய 20 நிட் மட்டுமே காட்டும். 1 நிட் நிழலோ 1 நிட்டாகவே நிற்கும். நூறு மடங்கு வித்தியாசம் இருபது மடங்காகச் சுருங்குகிறது. நிறங்களும் கூடவே வெளுக்கும். சாயம் போன படம் என்பது இதுதான். டிவியில் ஹெச்டிஆர் குறி தோன்றவே இல்லையென்றால் முதலில் இந்தப் பெட்டியைச் சந்தேகியுங்கள்.

குறி தோன்றியும் படம் தட்டையாக இருந்தால், பெரும்பாலும் வெளிச்சத்தை டிவியின் உச்சத்துக்குள் அடக்கும் ஒரே வேலையைக் கன்சோல், டிவி இரண்டும் செய்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இல் Adjust HDR திரையில் சூரியக் குறி மறையப்போகும் வரை அளவை நகர்த்தச் சொல்லும். உங்கள் டிவியின் உச்சம் 600 நிட் என்று வைத்துக்கொள்வோம். டிவியின் டோன் மேப்பிங் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு மேலான வெளிச்சத்தையும் அது மடித்து 600-க்குள் திணித்துவிடும். சூரியன் 600-இல் மறையாது; 2,000 வரைகூடத் தெரியும். கன்சோல் அதை நம்பி 2,000 நிட்டுக்குப் படம் அனுப்பும், டிவி மறுபடி அமுக்கும். மேகத்தின் விளிம்பும் விளக்கின் சுடரும் ஒரே வெள்ளையாகக் குழையும்.

ஆகவே டிவிதான் முதலில். கேம் மோடுக்குப் போய் டோன் மேப்பிங்கை HGiG என்று வையுங்கள்; அதில் டிவி தன் பங்குக்கு அமுக்காது. அது இல்லாத டிவியில் டைனமிக் டோன் மேப்பிங்கை அணையுங்கள். பிறகு கன்சோலில் சூரியனைத் தேடுங்கள். வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து.

ஹெச்டிஆரை அணைத்த பிறகும் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறதா? அப்படியானால் குற்றம் ஹெச்டிஆருடையது அல்ல. 0 முதல் 255 வரையான அளவில் கன்சோல் 16-ஐக் கறுப்பு என்று அனுப்ப, டிவி 0-தான் கறுப்பு என்று காத்திருக்கிறது. RGB Range அமைப்பை Automatic என்று மாற்றிப் பாருங்கள்.