அண்ணா நகர் வகுப்பா, வீட்டு மேசையா: முடிவெடுக்கும் முன் ஒரு வினாத்தாளைத் திருத்திப் பாருங்கள்

பதினோரு ஆண்டுகளாகக் குடிமைப் பணித் தேர்வர்களின் விடைத்தாள்களைத் திருத்தி வருகிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பிள்ளையைச் சென்னையில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்க விடுவதா? பிள்ளை மதிப்பெண்ணை எங்கே இழக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதே என் அனுபவம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை ஒரு மாணவியின் கதையோடு சொல்கிறேன்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த அவர் 2023 ஜூன் மாதம் அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். கட்டணம் 1,40,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 25,200 ரூபாய். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,500 ரூபாய் வீதம் பதினொரு மாதங்கள் ஆயின. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,70,000 ரூபாய். இதற்காக அவருடைய தந்தை நகையை அடகு வைத்திருந்தார். 2024 ஜூன் 16 அன்று நடந்த முதல்நிலைத் தேர்வில் பொது அறிவுத் தாளின் நூறு கேள்விகளில் 88-க்கு அவர் விடையளித்தார். அவற்றுள் 46 சரி, 42 தவறு. சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண், தவறான விடைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்பதால், 92-இல் 28 போக அவருக்குக் கிடைத்தது 64. அந்த ஆண்டு பொதுப் பிரிவின் கட் ஆஃப் 87.98.

தோற்ற பிறகு அவர் என்னிடம் வந்தபோது, அந்த 42 தவறுகளையும் மூன்றாகப் பிரித்துக் கொண்டுவரச் சொன்னேன். கேள்விப்பட்டே இராத செய்திகள் ஒன்பது. அவசரத்தில் தவறாகப் படித்தவை, குறிப்பாக 'மேற்கண்டவற்றில் எத்தனை சரி' என்னும் வகைக் கேள்விகளில் நிதானம் தவறியவை, பன்னிரண்டு. மீதி இருபத்தொன்று, வகுப்பில் கேட்டு நோட்டிலும் எழுதியிருந்தும் தேர்வறையில் மங்கிப்போய், இரண்டு விடைகளுக்கு நடுவே நின்று தவறான பக்கம் சாய்ந்தவை. நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வகுப்பில் அமர்ந்தவருக்கு, ஜூலையில் நடந்த பாடத்தை மார்ச் வரை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை. புதிதாக ஒரு விரிவுரை கேட்பதால் இந்த இருபத்தொன்றில் ஒன்றுகூட அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்காது. அதனால்தான் ஊருக்குத் திரும்பச் சொன்னேன்.

ஊரில் இருந்தால் இந்தக் குறை தானாகத் தீரும் என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஆசிரியர் செய்ததை வீட்டில் யூடியூப் செய்யும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரே பாடத்தை மூன்று பேரிடம் கேட்டுவிட்டு, படித்துவிட்டதாக நம்பி உறங்கப் போகும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே அவருக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு விதித்தேன். காணொளி பார்த்த நாளிலேயே அந்தத் தலைப்பில் முந்தைய ஆண்டுகளில் வந்த கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டும். தவறியவற்றை மட்டும் ஒரு நோட்டில் எழுதி, ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் திரும்பப் படிக்க வேண்டும். வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்தில் (upsc.gov.in) இலவசமாகவே கிடைக்கின்றன. முதல்நிலை வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், தமிழ் வழியில் படித்தவர்கள் இந்தப் பயிற்சியை ஆங்கில வினாத்தாளைக் கொண்டே செய்வது நல்லது. 2025 மே மாதத் தேர்வில் அவர் எண்பது கேள்விகளுக்கு மட்டும் விடையளித்தார். 56 சரி, 24 தவறு. கழிவு போக 96 மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெற்றார்.

முதன்மைத் தேர்வுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரத்தில் இருபது கேள்விகளுக்கு எழுத வேண்டும்: 150 சொற்களில் பத்து, 250 சொற்களில் பத்து. சிறிய கேள்விக்கு ஏழு நிமிடம், பெரியதற்குப் பதினொரு நிமிடம் என்று வைத்தாலே நேரம் முழுவதும் தீர்ந்துவிடும். எங்கள் மாணவி எழுதிய முதல் மாதிரித் தேர்வில் பதினான்கு கேள்விகளோடு நேரம் முடிந்துபோனது. கை எழுதும் வேகத்தையும் விடையின் கட்டமைப்பையும் தனியாக வீட்டில் உட்கார்ந்து திருத்திக்கொள்வது கடினம்; அனுபவமுள்ள இன்னொருவர் படித்துச் சொன்னால்தான் தெரியும். இரண்டு தேர்வுகளுக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று மாதமே இருப்பதால், அவரை அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் சென்னைக்கு வரச் சொன்னேன். நகரத்தில் செலவிடும் பணத்துக்கு முழுப் பயன் கிடைப்பது அந்தக் காலத்தில்தான்.

விடைத்தாள் திருத்தும் சேவையும் இப்போது இணையத்தில் விற்கப்படுகிறது. அதன் தரத்தை அறிய ஒரு எளிய சோதனை உண்டு. திரும்பி வந்த தாளில் எழுதப்பட்ட குறிப்பை வேறொருவரின் விடைக்குக் கீழே வைத்துப் பாருங்கள். 'முன்னுரை நன்று, வரைபடம் சேர்க்கவும், அரசுத் திட்டங்களைக் குறிப்பிடவும்' என்பது எந்த விடைக்கும் பொருந்தும். 'கேள்வி காரணங்களைக் கேட்கிறது, நீங்கள் விளைவுகளை எழுதியிருக்கிறீர்கள்' என்பது உங்கள் விடைக்கு மட்டுமே பொருந்தும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளைத் திருத்தித் தரக் கேளுங்கள். யார் திருத்துகிறார், எத்தனை நாளில் திரும்பி வரும் என்றும் கேளுங்கள்.

மையங்களின் சுவர்களில் சிரிக்கும் முகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் முதன்மைத் தேர்வு வரை வேறெங்கோ படித்து, கடைசியில் அந்த மையத்தின் மாதிரி நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வந்தவர்களாக இருக்கலாம். இப்படி மறைத்து விளம்பரம் செய்த மையங்கள் சிலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. வெற்றி பெற்றவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார், அது கட்டணப் பயிற்சியா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறையும் வந்தது. சேர்க்கைக்குப் போகும்போது அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

இடத்தையும் பாருங்கள். 2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இயங்கிய நூலகத்தில் மழைநீர் புகுந்து மூன்று தேர்வர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளை படிக்கப்போகும் அறை தரைக்கு மேலே இருக்கிறதா, வெளியேற இரண்டாவது வழி உண்டா என்பதைப் பெற்றோர் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் தர வேண்டும்.

அடகு வைப்பதற்கு முன் அரசின் வழிகளையும் முயன்று பார்க்கலாம். சென்னை கிரீன்வேஸ் சாலையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் நுழைவுத் தேர்வின் மூலம் சேர்க்கிறது. தங்கிப் படிக்கவும் இடம் உண்டு. நான் முதல்வன் திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வின் மூலம் தேர்வாகும் ஆயிரம் பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதங்கள் ஊக்கத்தொகை தருகிறார்கள். முதல்நிலையில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாய் தனியே உண்டு. எங்கள் மாணவியின் மூன்று மாத விடுதிச் செலவுக்கு அந்தப் பணமே கிட்டத்தட்டப் போதுமானதாக இருந்தது.

தனியார் மையத்தில்தான் சேர்வது என்று முடிவானால், கட்டணத்தைத் தவணைகளில் கட்டுவதாகச் சொல்லுங்கள். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் தர மறுக்கும் மையத்தில் சேர வேண்டாம். ஏற்கெனவே கட்டிவிட்டு ஏமாற்றப்பட்டதாக உணர்பவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம்.