"இரவு 12.30" எந்தத் தேதி? புகார் மனுவை ஆங்கிலமாக்கும்போது கவனிக்க வேண்டியவை

காவல் நிலையத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த புகார் பெரும்பாலும் வழக்கு மேலே போகும்போதுதான் ஆங்கிலமாகிறது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்யக் கோரி, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482ஆவது பிரிவிலும் 1.7.2024 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528ஆவது பிரிவிலும் தாக்கல் செய்யும் மனுக்களில் இது வழக்கமான வேலை. உயர் நீதிமன்றத்தில் வாதம் நடப்பது ஆங்கிலப் பிரதியை வைத்துத்தான். எப்போது நடந்தது, எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனார், புகார் கொடுக்க ஏன் இத்தனை மணி நேரம் என்று எதிர்த்தரப்பு முதலில் நேரங்களைத்தான் குடையும். புகாரிலேயே முரண் இருந்தால் அதற்குப் புகார்தாரர் பதில் சொல்லிக்கொள்வார். மொழிபெயர்ப்பில் புதிதாக முளைத்த முரணுக்கு அவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

நிலையங்களில் அன்றாடம் எழுதப்படும் நடையில், கற்பனையான ஒரு புகாரின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். புகாரின் தேதி 15.03.2025.

"நேற்று 14.03.2025 வெள்ளிக்கிழமை இரவு சுமார் 12.30 மணியளவில் நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது மேற்படி எதிரி என் வண்டியை வழிமறித்து அசிங்கமாகத் திட்டி கையால் கன்னத்தில் அடித்து கீழே தள்ளியதில் எனக்கு இடது முழங்கையில் இரத்தக் காயம் ஏற்பட்டது. சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் வரவே ஓடிவிட்டார். இதற்கு இரண்டு நாள் முன்பும் என்னை மிரட்டியிருந்தார். பிறகு அரை மணி நேரம் கழித்து 108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குச் சென்றேன்."

முதல் கண்ணி "இரவு 12.30". நம் பேச்சில் வெள்ளிக்கிழமை இரவு என்பது சனிக்கிழமை விடியும் வரை நீளும். நாள்காட்டியில் 12 அடித்ததுமே 15ஆம் தேதி பிறந்துவிடுகிறது. பலர் யோசிக்காமல் "14.03.2025, 12.30 ஏ.எம்." என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அது வியாழன் முடிந்து வெள்ளி பிறந்த நள்ளிரவு. சம்பவம் சரியாக 24 மணி நேரம் முன்னே போய்விடும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் 15.03.2025 அதிகாலை 1.20 என்று இருக்கும். அடிபட்டவர் ஒரு நாள் முழுக்க ரத்தத்தோடு சும்மா இருந்தாரா என்ற கேள்விக்கு இடம் கொடுத்தது மொழிபெயர்ப்பாளர். "12.30 பி.எம்." என்று போட்டால் இன்னும் மோசம், அது பட்டப்பகல்.

அதற்காக "15.03.2025, 00.30" என்று திருத்தி எழுதுவதும் சரியில்லை. எழுதியவர் 14 என்றுதான் எழுதியிருக்கிறார். 14ஆம் தேதி இரவில் சுமார் 12.30 மணிக்கு என்ற அதே அமைப்பில், ஏ.எம்., பி.எம். சேர்க்காமல் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும். பக்கத்தின் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று தலைப்பிட்டு, மூலத்தில் "இரவு 12.30" என்று உள்ளது, தமிழ் வழக்கில் இது 14ஆம் தேதிக்கும் 15ஆம் தேதிக்கும் இடைப்பட்ட இரவைக் குறிக்கும் என்று சொல்லிவிடலாம். அதற்கு மேல் முடிவு செய்வது நம் வேலையில்லை. இரவு 1 மணி, 2 மணிக்கும் இதே கதைதான். "விடியற்காலை 4 மணி" என்பதை வெறும் "மார்னிங்" ஆக்குவதும் ஆபத்து. வீடு புகுந்த வழக்குகளில் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் நடந்தால் தண்டனையே வேறு.

"சுமார்", "அளவில்" இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆங்கிலத்தில் ஒரு "அபவுட்" போதும். ஆனால் அந்த ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கைப் படிவத்தின் நேரக் கட்டத்தில் "சுமார்" இல்லாமல் 00.30 என்று அச்சாகியிருக்கலாம். அதைப் பார்த்துவிட்டு புகார் மனுவிலும் "சுமார்" என்பதை வெட்டக் கூடாது. படிவத்தில் இருப்பது நிலையத்தின் பதிவு, மனுவில் இருப்பது புகார்தாரரின் சொல்.

அடுத்தது வினைகளின் வரிசை. வழிமறித்து, திட்டி, அடித்து, தள்ளியதில் என்று தமிழில் ஒரே மூச்சில் ஓடுகிறது. இந்த எச்சங்களை எல்லாம் ஆங்கிலத்தில் "இங்" வைத்து முடித்தால் நான்கும் ஒரே நேரத்தில் நடந்ததுபோல் ஆகிவிடும். ஒவ்வொன்றையும் முற்றுவினையாக்கி, வந்த வரிசையிலேயே "அண்ட்" போட்டுக் கோத்தால் போதும். இடையிடையே "தேர்ஆஃப்டர்", "இம்மீடியட்லி" என்று சேர்ப்பது பலருக்குக் கைப்பழக்கம். திட்டிக்கொண்டே அடித்திருக்கலாம், திட்டி முடித்து அடித்திருக்கலாம். மூலம் சொல்லாத இடைவெளியை நாம் அளந்து கொடுக்கக் கூடாது. "வந்துகொண்டிருந்தபோது" மட்டும் தொடர்வினை, அதை ஆங்கிலத்திலும் தொடர்வினையாகவே வைக்க வேண்டும். "தள்ளியதில்" என்பது காரணத்தைச் சொல்கிறது. காயம் அடியால் அல்ல, விழுந்ததால் வந்தது. அடித்ததையும் தள்ளியதையும் ஒரே வாக்கியத்தில் குழப்பினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

புகார்தாரர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிய மனுக்களில் "அவர் வந்து என்னைக் கேட்டார்" என்று வரும். இந்த "வந்து" பல நேரம் பேச்சின் இழுவைதான், ஆள் எங்கிருந்தும் வரவில்லை. ஏற்கனவே எதிரில் நிற்பவரை மறுபடி வரவழைத்தால் காட்சி இரண்டாகிவிடும். முந்தைய வரியில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, மிரட்டல் வாக்கியம். நடந்தது முன்னால், சொன்னது பின்னால். கதையை நேர்ப்படுத்துகிறேன் என்று இதைத் தூக்கி முதலில் வைப்பவர்கள் உண்டு. எந்த வரி எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும்; "மிரட்டியிருந்தார்" என்ற காலத்தை ஆங்கிலத்தின் "ஹேட்" தாங்கிக்கொள்ளும். "இதற்கு" என்ற சொல்லை விழுங்கிவிடாமல் இருப்பதுதான் முக்கியம். இதற்கு இரண்டு நாள் முன்பு என்றால் சம்பவத்திலிருந்து எண்ண வேண்டும், ஆங்கிலத்தில் "பிஃபோர்". "அகோ" என்று போட்டால் புகார் எழுதிய நாளிலிருந்து எண்ணுவார்கள், மிரட்டல் 12ஆம் தேதியிலிருந்து 13ஆம் தேதிக்கு நகர்ந்துவிடும். "நேற்று", "முந்தாநாள்" போன்றவற்றைத் தேதியாக மாற்றாமல் அப்படியே விடுவது நல்லது. இந்த மனுவில் "நேற்று", "14.03.2025" இரண்டும் சேர்ந்தே வருகின்றன, இரண்டையும் வைக்க வேண்டும்.

மனு முடிந்த பிறகு அதைப் பெற்றுக்கொண்ட உதவி ஆய்வாளரின் குறிப்பு வரும். இன்று காலை 10.15 மணிக்கு நான் நிலையப் பணியிலிருந்தபோது மேற்படி நபர் ஆஜராகி கொடுத்த புகாரைப் பெற்று வழக்குப் பதிவு செய்தேன் என்கிற பாணியில் இருக்கும். இங்கே "நான்" மாறிவிட்டது. ஒரு கோடு கிழித்து, அலுவலரின் குறிப்பு என்று தலைப்பிட்டுத் தனியாக மொழிபெயர்க்காவிட்டால், 10.15 மணி புகார்தாரரின் வாக்கில் சேர்ந்துவிடும்.

சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். முதலில் மூலத்தில் உள்ள எல்லா வினைகளுக்கும் பென்சிலால் எண் போட்டு, யார் செய்தது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். "ஓடிவிட்டார்" என்ற இடத்தில் எழுவாய் இல்லை என்பது அப்போதுதான் உறைக்கும். ஒருவர் தமிழில் உள்ள எண், தேதி, நேரம், "பிறகு", "முன்பு", "கழித்து" ஆகியவற்றை மட்டும் வரிசையாக வாசிக்க, மற்றவர் ஆங்கிலப் பிரதியில் டிக் செய்துகொண்டே வரட்டும். "அரை மணி நேரம் கழித்து" என்பது எதிலிருந்து என்று மூலத்தில் தெளிவில்லை. அந்த இடத்தில் ஆங்கிலமும் தெளிவில்லாமல்தான் இருக்க வேண்டும். கூட்டிப் பார்த்து 1 மணி என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.