லிட்ஸ், டெட்ரோமினோ, நாற்கட்டம்

கட்டங்களைத் தீட்டி விடை காணும் லிட்ஸ் என்ற புதிரின் பெயரைக் கேட்டால் ஏதோ ஒரு மொழியின் சொல் என்று தோன்றும். உண்மையில் அது எல், ஐ, டி, எஸ் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வாசித்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு வடிவத்தைக் குறிக்கிறது. நான்கு சதுரக் கட்டங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்த அந்த வடிவங்களுக்குப் பொதுப்பெயர் டெட்ரோமினோ. இந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால்தான் லிட்ஸ் புதிரின் ஒரு முக்கியமான விதி பிடிபடும். அதனால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

டெட்ரா என்பது கிரேக்கத்தில் நான்கு. பின்னால் வரும் 'ஓமினோ' டோமினோ என்ற விளையாட்டுக் காயிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. டோமினோ காய் இரண்டு சதுரங்கள் சேர்ந்த செவ்வகம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'இரண்டு' என்ற பொருள் எங்கும் இல்லை. தலைவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லோடு உறவுள்ள சொல் அது. முக்காடு வைத்த ஒரு மேலங்கிக்கும் அதே பெயர் இருந்தது. 1953-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த சாலமன் கோலம்ப், கணித மன்றத்தில் ஆற்றிய ஓர் உரையில் முதல் எழுத்தை மட்டும் 'இரண்டு' என்று பாவித்துக்கொண்டு, மிச்சத்தைக் கட்டங்களின் பொதுப்பெயராக்கினார். பல கட்டங்கள் சேர்ந்தது பாலியோமினோ. மூன்று சேர்ந்தது ட்ரோமினோ, நான்கு டெட்ரோமினோ, ஐந்து பென்டோமினோ. சொற்பிறப்பியல்படி பார்த்தால் தப்பான வெட்டுதான். ஆனாலும் வசதியாக இருந்ததால் நிலைத்துவிட்டது.

புதிரை வெளியிட்டது ஜப்பானின் நிக்கோலி நிறுவனம். முதலில் வைத்த பெயர் நுருஓமினோ. 'நுரு' என்றால் ஜப்பானிய மொழியில் தீட்டுதல், பூசுதல். கட்டங்களைத் தீட்டி ஓமினோ உண்டாக்குவது என்ற நேரடியான பெயர் அது. பிறகுதான் லிட்ஸ் என்று மாறியது.

ஏன் நான்கு எழுத்து மட்டும்? திருப்பிப் பார்ப்பதையும் கவிழ்த்துப் பார்ப்பதையும் ஒன்றாகவே எண்ணினால் டெட்ரோமினோக்கள் மொத்தம் ஐந்து. நேராக நான்கு கட்டம் நிற்பது ஐ. மூன்று கட்டத்தின் ஓரத்தில் ஒன்று மடங்கினால் எல், நடுவில் ஒன்று முளைத்தால் டி. இரண்டிரண்டாக ஒரு கட்டம் தள்ளி நிற்பது எஸ். ஐந்தாவது, இரண்டுக்கு இரண்டு சதுரம். அதை ஓ என்பார்கள். லிட்ஸில் இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டமும் தீட்டப்பட்டிருக்கக் கூடாது என்பது விதி. அந்த ஒரு விதி ஓவை முழுதாக வெளியேற்றிவிடுகிறது. பெயரில் ஓ இல்லாததற்குக் காரணம் அதுதான். எந்த விதி என்று மறந்துபோனாலும் பெயரை வைத்தே நினைவுபடுத்திக்கொள்ளலாம்.

மற்ற விதிகள் இவை. பலகை தடித்த கோடுகளால் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் சரியாக நான்கு கட்டங்களைத் தீட்ட வேண்டும். அவை ஒரு டெட்ரோமினோவாக ஒட்டியிருக்க வேண்டும். தீட்டிய கட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தொடராக இருக்க வேண்டும், தனித்தீவு கூடாது. ஒரே வடிவமுள்ள இரண்டு டெட்ரோமினோக்கள் பக்கத்தோடு பக்கம் தொடக் கூடாது. மூலையில் மட்டும் தொட்டால் பரவாயில்லை. இரண்டுக்கு இரண்டு தடை ஒரு பகுதிக்குள் மட்டும் செல்லுவதல்ல, எல்லையைத் தாண்டியும் செல்லும். ஒரு கட்டம் இந்தப் பகுதியிலும் மூன்று அடுத்த பகுதியிலும் இருந்தாலும் தவறுதான்.

'ஒரே வடிவம்' என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன். டெட்ரிஸ் விளையாடிப் பழகிய கண்ணுக்கு எல் வேறு, ஜே வேறு. எஸ் வேறு, இசட் வேறு. அங்கே காயைத் திருப்பலாம், கவிழ்க்க முடியாது. அதனால் ஐந்து வடிவம் ஏழாகிவிடுகிறது. லிட்ஸில் கவிழ்த்தாலும் அதே வடிவம்தான். எல்லின் கண்ணாடிப் பிம்பமும் எல்தான், ஆகவே அவை இரண்டும் தொடக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் விடையே மாறிப்போகும். இதற்காகவே ஒரு சிறு பலகை அமைத்திருக்கிறேன். ஒரே எண்ணுள்ள கட்டங்கள் ஒரு பகுதி.

```
1 2 2 2 3
1 2 3 2 3
1 1 3 2 3
3 3 3 3 3
```

பகுதி 1-இல் நான்கே கட்டம். எனவே நான்கையும் தீட்டிவிடலாம், கிடைப்பது எல். அந்த எல்லின் உள்மடக்கில் இருப்பது இரண்டாம் வரிசையின் இரண்டாவது கட்டம். அதையும் தீட்டினால் அதன் இடப்பக்கம், கீழ்ப்பக்கம், இடக்கீழ் மூலை எல்லாம் ஏற்கெனவே தீட்டியவை என்பதால் இரண்டுக்கு இரண்டு நிரம்பிவிடும். ஆகவே அது வெள்ளை.

பகுதி 2-இல் இப்போது ஐந்து கட்டம் மிச்சம். அவை ஒரு வளைந்த பாதையாக இருக்கின்றன: மேல் வரிசையில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கட்டங்கள், அப்புறம் நான்காவதிலிருந்து கீழே இரண்டு. ஐந்தில் நான்கு வேண்டும், அதுவும் ஒட்டியிருக்க வேண்டும். அப்படியானால் ஒரு முனையை மட்டுமே விட முடியும். கீழ் முனையை விட்டால் மேல் வரிசையில் மூன்றும் வலது ஓரத்தில் கீழே ஒன்றும். இடது முனையை விட்டால் மேலே இரண்டும் கீழே இரண்டும். இரண்டுமே எல் குடும்பம்தான்.

முதல் வாய்ப்பைப் பாருங்கள். மேல் வரிசையின் இரண்டாவது கட்டம் பகுதி 1-இன் உச்சிக் கட்டத்தைப் பக்கத்தோடு தொடுகிறது. டெட்ரிஸ் கண்ணுக்கு இது ஜே. பக்கத்தில் இருப்பது எல். ஆகவே தொடலாம் என்று தோன்றும். லிட்ஸில் அது எல்-ஐத் தொடும் எல், கூடாது. ஆக இரண்டாவது வாய்ப்பே சரி. அதுவும் எல்தான், ஆனால் பகுதி 1-ஐ எங்கும் தொடவில்லை.

அடுத்தது பகுதி 3. அதில் பத்துக் கட்டம் இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், வேகமாகக் கழியும். இரண்டாம் வரிசையின் மூன்றாவது கட்டம், பகுதி 2-இன் மடக்குக்குள் இருப்பதால் வெள்ளை. கடைசி வரிசையின் முதல் கட்டம் பகுதி 3-இன் பிற கட்டங்களோடு இரண்டாவது கட்டம் வழியாக மட்டுமே சேர முடியும். இரண்டையும் தீட்டினால் மேலே உள்ள இரண்டோடு சேர்ந்து சதுரமாகிவிடும். அதனால் முதல் கட்டமும் வெள்ளை. மூன்றாம் வரிசையின் மூன்றாவது கட்டத்தைத் தீட்டிப் பார்க்கலாம். அதன் இரு பக்கமும் தீட்டியவை. கீழே ஒரு கட்டம் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து இடமோ வலமோ நகர்ந்த உடனே சதுரம் உருவாகிறது. இரண்டு கட்டத்தோடு மாட்டிக்கொள்கிறோம். ஆகவே அதுவும் வெள்ளை.

இப்போது தொடர்ச்சி விதி. பகுதி 1-உம் பகுதி 2-உம் ஒன்றையொன்று தொடவில்லை. எனவே பகுதி 3-தான் இரண்டையும் இணைக்க வேண்டும். பகுதி 1-ஐத் தொட மிஞ்சியிருப்பது கடைசி வரிசையின் இரண்டாவது கட்டம் ஒன்றே. அதிலிருந்து போக ஒரே திசை, வலது. நான்கு கட்டம் நேராக, ஓர் ஐ.

```
# . # # .
# . . # .
# # . # .
. # # # #
```

எல்-ஐயும் ஜே-ஐயும் வேறாக எண்ணியிருந்தால் என்ன நடந்திருக்கும்? பகுதி 2-க்கு முதல் வாய்ப்பை எடுத்துக்கொண்டு, பகுதி 3-இல் இதே ஐ-ஐ வைத்தாலும் மற்ற எந்த விதியும் மீறப்படாது. ஆக ஒரு பலகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்துவிடும். ஒழுங்காக அமைத்த லிட்ஸுக்கு விடை ஒன்றுதான். உங்களுக்கு இரண்டு விடை கிடைத்தால் பலகையைச் சந்தேகிக்கும் முன் விதியை எப்படிப் படித்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் இந்தக் கண்ணாடிப் பிம்ப இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? டெட்ரோமினோவுக்கு நான் பயன்படுத்துவது நாற்கட்டம். நால் என்பதோடு கட்டம் சேரும்போது லகரம் றகரமாவது தமிழுக்குப் பழகிய புணர்ச்சி. நாற்காலி, நாற்கரம், நாற்பது எல்லாம் அப்படி வந்தவையே. இதே வழியில் போனால் டோமினோ இருகட்டம், ட்ரோமினோ முக்கட்டம், பென்டோமினோ ஐங்கட்டம். மொத்தக் குடும்பத்துக்கும் பல்கலை போலப் பல்கட்டம் என்று வைக்கலாம். கோலம்ப் கிரேக்கத்தையும் டோமினோவையும் ஒட்டவைத்துச் செய்ததை, இங்கே எண்ணும் பெயரும் எந்த வெட்டும் இல்லாமல் செய்துவிடுகின்றன.

ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. கட்டம் என்ற சொல்லுக்கு 'நிலை, படிநிலை' என்றும் பொருள். 'மூன்றாம் கட்டப் பணி' என்கிறோம். தனியாக நாற்கட்டம் என்று எழுதினால் நான்கு நிலை என்று ஒருவர் படிக்கலாம். புதிர், பலகை, தீட்டு என்ற சொற்கள் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் வராது. அதற்காக 'நாற்சதுரம்' என்று மாற்றலாமா என்றும் யோசித்தேன். அது இந்தப் புதிரில் விலக்கப்பட்ட சதுர வடிவத்தையே நினைவூட்டுகிறது, எனவே வேண்டாம்.

வடிவங்களின் பெயர்களில் தமிழ் ஒரு படி மேலே என்று எனக்குத் தோன்றுகிறது. எல் வடிவத்துக்கு நம்மிடம் அச்சாக ஓர் எழுத்தே இருக்கிறது: ட. இடப்பக்கம் இறங்கி, வலப்பக்கம் நீளும் அதே வடிவம். அதன் கண்ணாடிப் பிம்பத்துக்குத் தனி எழுத்து நம்மிடம் இல்லை. எப்படித் திருப்பினாலும் கவிழ்த்தாலும் அதை ட என்றுதான் சொல்ல முடியும், அதைத்தான் விதியும் கேட்கிறது. டியின் நடுக் கட்டத்திலிருந்து மூன்று பக்கம் கிளை போவதால் அது முச்சந்தி. எஸ் ஒரு படி. இடமிருந்து ஏறினாலும் வலமிருந்து ஏறினாலும் படி படிதான், இசட் என்ற இன்னொரு பெயருக்கு வேலையில்லை. ஐ வெறும் நேர்.

ட, நேர், முச்சந்தி, படி. இந்த நான்கு பெயரால் மேலே உள்ள பலகையை மறுபடி சொன்னால், பகுதி 1 ட, பகுதி 2 ட, பகுதி 3 நேர். இரண்டு ட இருக்கிறதே, தொடுகிறதா என்று அப்போது கண் தானாகவே தேடும்.