இன்சுலின் வந்துவிட்டது, களி வந்து சேரவில்லை

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து 17 வருடம் ஆகிறது. இரவு ஏழரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, எட்டு மணிக்கு ராகிக் களியும் கீரையும் சாப்பிடுகிறார். பத்து மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. சோதித்தால் சர்க்கரை 58. மறுநாள் காலை வெறும் வயிற்றில் 280. சாப்பிட்ட பிறகு எப்படி இறங்குகிறது, சாப்பிடாமல் எப்படி ஏறுகிறது என்பது அவர் கேள்வி. கடைசியில் இன்னொன்றும் எழுதியிருந்தார்: நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு கும்மென்று ஆகிவிடுகிறது, ஒரு காலையில் வாந்தி எடுத்தபோது முந்தின இரவுக் கீரை அப்படியே வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

இரைப்பையின் மேல்பாதி உணவை வாங்கி வைத்துக்கொள்ளும். அரைப்பது கீழ்ப்பாதி. அங்கே நிமிடத்துக்கு மூன்று முறை ஓர் அலை கிளம்பிச் சுவரை நெரித்தபடி கீழே இறங்குகிறது. அந்தத் தாளத்தைப் போடுபவை தசைகளுக்கு நடுவே வலைபோல் படர்ந்திருக்கும் கஹால் செல்கள். 1906இல் நோபல் பரிசு பெற்ற ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி சாந்தியாகோ ரமோன் இ கஹாலின் பெயர் அவற்றுக்கு. அலை அடிவாசலை நெருங்கும்போது வாசல் சுருங்கிக்கொள்ளும். தண்ணீரும் கூழும் நழுவிப் போய்விடும். கட்டியாக இருப்பது மோதி, பின்னால் எறியப்பட்டு, அந்த நெரிசலில் உடைகிறது. அடுத்த அலையில் மறுபடி மோதல். ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் துகளாகும் வரை இப்படியே நடக்கிறது. சல்லடையே அரைக்கவும் செய்கிற இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால், இரைப்பையை நடத்தும் வேகஸ் நரம்பு பழுதாகிறது, கஹால் செல்களும் குறைகின்றன. அலை பலவீனமாகிக் கட்டிகள் தேங்குகின்றன. போதாததற்கு, அன்றைய சர்க்கரை மிக அதிகமாக இருந்தாலே இரைப்பை இன்னும் மெதுவாகும்.

சரி, அந்த அம்மாவின் இரவைப் பார்ப்போம். அவர் போடுவது ரெகுலர் இன்சுலின் என்று வைத்துக்கொள்வோம். அது அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். அதாவது ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை. அந்த நேரத்தில் களி இன்னும் இரைப்பையில்தான் கிடக்கிறது. குடலுக்குப் போகாத மாவுச்சத்து ரத்தத்துக்கு வராது. அதனால் 58. நள்ளிரவு தாண்டி, இன்சுலின் ஓயும் வேளையில் களி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. அதனால் காலையில் 280. லோ சுகருக்குச் சாப்பிட்டதும் அதில் சேரும்.

ஆபத்து இங்கேதான். காலை 280ஐ மட்டும் பார்க்கிற மருத்துவர் இரவு இன்சுலினைக் கூட்டிவிடுவார். அடுத்த இரவு 58 என்பது 45 ஆகும். அதனால் இரவு பத்து மணிக்கும் அதிகாலை மூன்று மணிக்கும் சோதித்து, சாப்பிட்ட நேரத்தோடு எழுதிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். இன்சுலினை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஊசியைச் சாப்பிட்ட பிறகு போடுவதா, வேறு வகைக்கு மாற்றுவதா என்பதை அந்தக் குறிப்பை வைத்து அவர் முடிவு செய்வார்.

இரைப்பை மெதுவாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க, முதலில் எண்டோஸ்கோப்பி செய்து, அடைப்போ புண்ணோ இல்லை என்று உறுதி செய்வார்கள். அப்புறம், மிகக் குறைந்த கதிரியக்கம் கலந்த உணவைக் கொடுத்து நான்கு மணி நேரம் படம் எடுப்பார்கள். முடிவில் பத்து சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் தாமதம் உறுதி. இதற்குரிய நிலையான உணவு முட்டை வெள்ளைக்கரு, ரொட்டி, ஜாம். தர்மபுரியில் யார் இரவில் ஜாம் ரொட்டி சாப்பிடுகிறார்கள்? களியை வைத்து இதே அளவீட்டைச் செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. வயிற்றில் சோறு சிக்கிவிட்டது என்று தொக்கம் எடுப்பவரிடம் கூட்டிப்போவதைப் பார்த்தால் கோபம் வருகிறது. இரைப்பைக்குள் இருப்பதை வெளியிலிருந்து யாராலும் உறிஞ்சி எடுக்க முடியாது. அதை நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு இரவும் லோ சுகர் வரலாம்.

சாப்பாட்டில் மாற்ற வேண்டியது, அரைக்கும் வேலையை இரைப்பைக்கு வைக்காமல் இருப்பது. களியை நாம் மெல்லாமலே விழுங்குகிறோம். அதே ராகியைக் கூழாகக் குடித்தால் எளிதாக இறங்கும். ஆனால் சர்க்கரை சீக்கிரம் ஏறும் என்பதால் அளவு குறைவாக இருக்க வேண்டும். கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, நார் மாம்பழம் வேண்டாம். கீரையைக் கடைந்து, பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம். எண்ணெய் மிகுந்தால் குடலே இரைப்பையை நிறுத்திவைக்கும். மூன்று வேளையை ஐந்து சிறு வேளையாக்கி, இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

மருந்துகளில் மெட்டோகுளோபிரமைடு அலையை வலுப்படுத்தும். ஆனால் மாதக்கணக்கில் எடுத்தால் முகமும் நாக்கும் தானாக அசையும் கோளாறு வரலாம். அது சிலருக்கு நிரந்தரமாகிவிடும். டாம்பெரிடோனுக்கு முன் ஈசிஜி பார்ப்பது நல்லது. ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசின் சிறு அளவில் இரைப்பையை நன்றாகவே தள்ளும், சில வாரங்களில் பலன் குறைந்துவிடும். எடை குறைய வாரம் ஒரு முறை போடும் செமாகுளுடைடு ஊசி இரைப்பையை மேலும் மெதுவாக்கும் என்பதால், அதைப் போடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லோ சுகர் வந்தால் பிஸ்கட் கொடுக்காதீர்கள், அதுவும் தேங்கும். குளுக்கோஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.