ஒரு புள்ளி, ஒரு கீழ்க்கோடு, ஒரு வளையம்: நம்ம போஸ்ட்டை போன் எப்படி வாசிக்குது?

போன நவம்பர்ல எங்க வானியல் குழு சார்பா சனிக்கோள் பார்க்க ஏற்பாடு பண்ணியிருந்தோம், அதுக்கு நான்தான் போஸ்ட் எழுதினேன். எழுதி அரை மணி நேரத்துல ஒரு தம்பி மெசேஜ் போட்டார். அவருக்குப் பிறவியிலயே பார்வை கிடையாது, போன்ல டாக்பேக்ங்கிற திரைவாசிப்பு வசதியைப் போட்டு கேட்டுதான் எல்லாம் படிப்பார். "அண்ணா, சனிக்கிழமை ஏதோ இருக்குன்னு புரியுது. அப்புறம் மூணு தடவை வளையம் உள்ள கோள்னு சொல்லுச்சு, அப்புறம் விவரம் படத்தில்னு சொல்லுச்சு, படத்துக்குப் போனா 'படம்'னு மட்டும் சொல்லுது. எங்க வரணும்?" நான் எழுதின லட்சணம் இதுதான்:

```
வணக்கம் நண்பர்களே வர்ற சனிக்கிழமை நம்ம ஊர்ல #சனிகோள்
பார்க்க டெலஸ்கோப் வெக்கிறோம் எல்லாரும் கட்டாயம் வாங்க 🪐🪐🪐🔭🔭✨✨✨ விவரம் படத்தில் #வானம்பார்ப்போம் #saturnnightsky
```

இடம், நேரம் ரெண்டுமே போஸ்டருக்குள்ள எழுத்தா இருந்துச்சு. கண்ணுக்கு அது எழுத்து, போனுக்கு அது வெறும் வண்ணப் புள்ளிகள். அந்தத் தம்பிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு போஸ்ட்டை திருத்தி எழுத உக்காந்தேன், அப்பதான் இந்த வாசிக்கிற குரல் உள்ளுக்குள்ள என்னதான் பண்ணுதுன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

முதல்ல வரி பிரிக்கிற விஷயம், இது சுலபம். எழுத்தைப் பேச்சா மாத்துற மென்பொருள் மொத்த பத்தியையும் ஒரே மூச்சுல பேசாது, முதல்ல துண்டு துண்டா வெட்டிக்கும். எங்க வெட்டணும்னு அதுக்கு அர்த்தம் பார்த்துத் தெரியாது, முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, என்டர் தட்டின இடம், இந்த மாதிரி அடையாளங்களை வெச்சுதான் வெட்டும். ஒவ்வொரு துண்டோட கடைசியிலயும் குரலை இறக்கி கொஞ்சம் நிறுத்தும். என்னோட போஸ்ட்ல ஒரு புள்ளி கூட இல்ல, அதனால "வாங்க வளையம் உள்ள கோள் வளையம் உள்ள கோள்"னு மூச்சு விடாம ஓடியிருக்கு. கம்ப்யூட்டர்ல என்விடிஏங்கிற திரைவாசிப்பு மென்பொருள் வெச்சிருக்கவங்களுக்கு வரி பிரிச்சா இன்னொரு லாபம் இருக்கு, கீழம்புக்குறியைத் தட்டி வரி வரியா போகலாம், நேரம் காதுல விழாம அடுத்த வரிக்குப் போயிட்டா மேலம்புக்குறியைத் தட்டி அந்த ஒரு வரியை மட்டும் திரும்பக் கேக்கலாம், முழுசா முதல்லேருந்து கேக்க வேண்டியதில்ல.

ஆனா இதையே அளவுக்கு மீறி செஞ்சாலும் ஆபத்து. முகநூல் கவிஞர்கள் பண்ற மாதிரி "நான் / உன்னை / நேற்று / பார்த்தேன்"னு வார்த்தைக்கு ஒரு என்டர் தட்டினா பல குரல்கள் நாலையும் நாலு வாக்கியம்னு நினைச்சு நாலு தடவை இழுத்து நிறுத்தும். இடைவெளிக்காக வரிக்கு ஒரு புள்ளி வெச்சு அஞ்சு வரி இறக்குறாங்களே, அதுவும் சில செட்டிங்ல புள்ளி, புள்ளி, புள்ளின்னே கேக்கும். விஷயத்துக்கு ஒரு வரி, நடுவுல ஒரு காலி வரி, அவ்வளவு போதும்.

இப்ப ஹேஷ்டேக். எனக்கு ராத்திரி தூக்கம் போனது இதுலதான்.

ஹேஷ்டேக்குக்குள்ள இடைவெளி விட முடியாது, இடைவெளி வந்தா டேக் அங்கயே முடிஞ்சுடும். அதனால வார்த்தைகளை ஒட்டி எழுதுறோம், ஒட்டினதை எங்க பிரிக்கணும்னு படிக்கிறவங்களே கண்டுபிடிக்கணும். மனுஷங்களே இதுல தடுமாறுவாங்க. 2013 ஏப்ரல்ல பிரிட்டன் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தப்ப #nowthatchersdead அப்படின்னு ஒரு டேக் ஓடுச்சு. "இப்ப தாட்சர் செத்தாச்சு"ங்கிறதுதான் அதோட அர்த்தம், ஆனா கொஞ்ச பேர் அதை வேற இடத்துல, now that Cher's dead அப்படின்னு பிரிச்சு, பாடகி ஷெர் செத்துட்டாங்கன்னு துக்கம் கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க. ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்தையும் பெருசா போட்டு #NowThatchersDead அப்படின்னு எழுதியிருந்தா அந்தக் குழப்பமே வந்திருக்காது.

பெரிய எழுத்து கண்ணுக்கு மட்டும் இல்ல, குரலுக்கும் சைகை. இ-ஸ்பீக்னு ஒரு இலவச பேச்சு மென்பொருள் இருக்கு, என்விடிஏ கூடவே வரும். அதுல ஒரு விதி, சின்ன எழுத்துக்கு அடுத்து பெரிய எழுத்து வந்தா அங்க புது வார்த்தை ஆரம்பிக்குதுன்னு எடுத்துக்கும். #SaturnNightSky அப்படின்னு எழுதினா மூணு வார்த்தையா தெளிவா வரும். #saturnnightsky அப்படின்னு எழுதினா முழுசையும் ஒரே வார்த்தையா நினைச்சு எழுத்துக்கூட்டி உச்சரிக்கும், என்ன வரும்னு அதுக்கே தெரியாது. தேடும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது, ரெண்டும் ஒரே டேக்தான், அதனால இங்கிலீஷ்காரங்களுக்கு இது செலவே இல்லாத வசதி.

நமக்கு? தமிழ்ல பெரிய எழுத்தே கிடையாதே! அது மட்டும் இல்ல, தமிழ்ல ஒட்டி எழுதினா பிரிவு மட்டும் தொலையறதில்ல, சத்தமே மாறிடுது. தொண்டையில ரெண்டு விரலை வெச்சுக்கிட்டு "பாட்டு"ன்னு சொல்லிப் பாருங்க, ப சொல்ற அந்த நொடியில அதிர்வு இருக்காது. இப்ப "அம்பு"ன்னு சொல்லுங்க, அங்க இருக்கறதும் அதே எழுத்துதான் ஆனா விரல்ல அதிர்வு விட்டுப்போகாம தொடரும். "கல்"லுல வர்ற க வேற, "தங்கம்"ல வர்ற க வேற, "பகல்"ல வர்ற க இன்னும் மெத்து. ஒரே எழுத்து, வார்த்தைக்குள்ள எங்க உக்காந்திருக்குங்கிறதைப் பொறுத்து சத்தம் மாறும். வார்த்தையோட முதல்ல நின்னா வன்மை, மெல்லினத்துக்குப் பின்னாடி வந்தா மென்மை, ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டினா இன்னும் மென்மை. நாம யோசிக்காமலே செய்றோம், ஆனா வாசிக்கிற மென்பொருளுக்கு இதை யாரோ உக்காந்து விதியா எழுதிக் கொடுத்திருக்காங்க, அது முன்னாடி என்ன எழுத்து பின்னாடி என்ன எழுத்துன்னு பார்த்துதான் சத்தத்தை முடிவு பண்ணும்.

இப்ப என்னோட #வானம்பார்ப்போம் டேக்கைப் பாருங்க. வானம், பார்ப்போம்னு தனித்தனியா இருந்தா ப வார்த்தை முதல்ல இருக்கு, வன்மையா வரும். ஒட்டினதும் அதுக்கு முன்னாடி ம் வந்துடுச்சு, மென்பொருளுக்கு இது அம்பு, கம்பு, வேம்பு மாதிரி தெரியுது, "பார்ப்போம்"ல இருக்கற முதல் ப அம்புல வர்ற ப ஆயிடும். #சனிகோள்ல இன்னும் மோசம், க ரெண்டு உயிருக்கு நடுவுல மாட்டிக்கிச்சு, "பகல்"ல வர்ற மாதிரி குழைஞ்சு ஏதோ ஒரு புது வார்த்தையா காதுல விழும்.

அப்பதான் பளிச்சுனு ஒண்ணு புரிஞ்சுது. சனிக்கோள்னு க் போட்டு எழுதணும்னு தமிழ் டீச்சர் அடிச்சுத் திருத்துவாங்களே, அந்த ஒற்று சும்மா அலங்காரம் இல்ல! க் வந்தா அது "பக்கம்" மாதிரி ரெட்டிக்கும், ரெட்டிச்ச க குழையாது, வன்மை காப்பாத்தப்படும். வல்லினம் மிகும் இடம்னு மனப்பாடம் பண்ணி வெறுத்த பாடம், இப்ப ஒரு மென்பொருளுக்கு உச்சரிப்புக் குறிப்பா வேலை செய்யுது. ஒற்றைத் தின்னுட்டு எழுதுற நம்ம பழக்கம் கண்ணுக்குப் பெருசா உறுத்தாது, காதுக்கு உறுத்தும்.

ஒற்று சத்தத்தைக் காப்பாத்தும், பிரிவைக் காட்டாது. அதுக்கு நம்மகிட்ட இருக்கறது கீழ்க்கோடு: #வானம்_பார்ப்போம். கீழ்க்கோடு வந்தா டேக் உடையாது, ஆனா குரலுக்கு அது வார்த்தை எல்லை, ப திரும்ப முதல் எழுத்து ஆயிடும். என்விடிஏல வழக்கமான செட்டிங்ல கீழ்க்கோட்டை வாய்விட்டுச் சொல்லாது, குறிகள்ல பெரும்பாலானதையோ எல்லாத்தையுமோ சொல்லுன்னு மாத்தி வெச்சவங்களுக்கு மட்டும் கேக்கும். கீழ்க்கோட்டுக்கு பதிலா நடுக்கோடு போட்டுடாதீங்க, டேக் பாதியில அறுந்துடும்.

இதுல ஒரு இழப்பு இருக்கு, மறைக்கலை. கீழ்க்கோடு போட்ட டேக்கும் போடாத டேக்கும் தேடலுக்கு வேற வேற. ஊரே ஒட்டின டேக்குல பேசிக்கிட்டு இருந்தா நீங்க மட்டும் கோடு போட்டு தனியா நிப்பீங்க. புதுசா டேக் உருவாக்குறவங்க முதல் நாளே கோட்டோட ஆரம்பிச்சா உண்டு, இல்லைன்னா ஓடுற டேக்கை கடைசி வரியில போட்டுட்டு அந்த வார்த்தைகளை வாக்கியத்துல பிரிச்சு ஒரு தடவை எழுதிடலாம், நான் அப்படித்தான் பண்றேன். எப்படியிருந்தாலும் வாக்கியத்துக்கு நடுவுல டேக் வேண்டாம், ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி நம்பர்னோ ஹேஷ்னோ குரல் சொல்லும், பேச்சு அறுந்து அறுந்து வரும்.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிடறேன். ஒட்டின தமிழை தானா பிரிச்சு சரியா வாசிக்கிற மென்பொருள் வர முடியாததில்ல, ஐஐடி மெட்ராஸ்ல இந்திய மொழிக் குரல்களுக்கான வேலை பல வருஷமா நடக்குது. ஆனா தமிழுக்குன்னு மேடை போட்டு செலவழிக்கிற காசுல ஒரு துளி இந்தப் பக்கம் வந்தா எவ்வளவோ நல்லா இருக்கும்னு எனக்குத் தோணும்.

கடைசியா படம். படத்தோட ஒரு விவரிப்பைச் சேர்த்து அனுப்ப ஏற்கனவே இடம் இருக்கு, வெப்ல அது இப்படி உக்காரும்:

```
<img src="sani.jpg" alt="இங்கே விவரிப்பு">
```

ஆப்ல படம் ஏத்தும்போது ஆல்ட்னு ஒரு பட்டன் தெரியும், அதுல எழுதினா இந்த இடத்துக்குத்தான் போகுது, எக்ஸ்ல 1000 எழுத்துக்குறி வரைக்கும் எழுதலாம். காலியா விட்டா என் தம்பிக்கு வந்த மாதிரி வெறும் "படம்". அந்தக் குரல் எப்படியும் படம்னு சொல்லிடும், அதனால நாம திரும்ப "இது ஒரு படம்"னு ஆரம்பிக்க வேண்டாம். போஸ்டர்ல இருக்கற எழுத்தை ஆல்ட்குள்ள திணிக்காம போஸ்ட்லயே எழுதிடறது நல்லது, அப்பதான் வரி வரியா போய் கேக்க முடியும். நான் போஸ்டரைத் தூக்கிட்டு, நாங்க எடுத்த சனி போட்டோவைப் போட்டு இப்படி மாத்தினேன்:

```
சனிக்கோளை டெலஸ்கோப்பில் பார்க்க வாங்க.

நாள்: நவம்பர் 22, சனிக்கிழமை
நேரம்: மாலை 6.30 முதல் 8.30 வரை
இடம்: நூலக மொட்டைமாடி

அனுமதி இலவசம். மழை வந்தால் அடுத்த வாரம். 🪐

#வானம்_பார்ப்போம் #SaturnNightSky
```

ஆல்ட் எழுதத்தான் அரை மணி நேரம் ஆச்சு. முதல்ல "அழகான சனிக்கோள்"னு எழுதினேன், அழகுங்கிறது என் கருத்து, படத்துல இருக்கற விஷயம் இல்ல. 2025 மார்ச்ல பூமி சனியோட வளையத் தளத்தைக் கடந்துச்சு, நவம்பர்லயும் வளையம் கிட்டத்தட்ட விளிம்பு வழியாத்தான் தெரிஞ்சுது, அந்தப் படத்துல முக்கியமே அதுதானே? அழிச்சுட்டு இப்படி எழுதினேன்:

```
கறுப்பு வானத்தில் இளமஞ்சள் உருண்டையாக சனிக்கோள்.
நடுவில் குறுக்கே ஊசி போல ஒரு கோடு, உருண்டைக்கு வெளியே
இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுதான் வளையம்.
```

தம்பி உடனே பதில் போட்டார்: "எலுமிச்சம்பழத்தைச் சுத்தி வளையல்னு ஸ்கூல்ல மாடல் தொட்டுப் பார்த்திருக்கேன் அண்ணா. கோடுன்னா இப்ப வளையலை பக்கவாட்டுல பார்க்கிறோம், சரியா?" சரிதான். கண்ணால பார்த்த பாதிப் பேர் "வளையத்தைக் காணோமே, ஏமாத்திட்டீங்களே"ன்னு கேட்டாங்க, இன்னும் சிலர் சனியை நேரா பார்த்தா பிடிச்சுக்கும்னு மாடியேறவே மாட்டேன்னுட்டாங்க. நூறு கோடி கிலோமீட்டருக்கும் அந்தப்பக்கம் இருக்கற வாயு உருண்டை நம்மளைப் பிடிக்க மெனக்கெடுமா?

திருத்தின போஸ்ட்டை ஒரு நண்பர் எங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல ஷேர் பண்ணினார், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து. வரி, கீழ்க்கோடு, ஆல்ட் எல்லாம் போய் திரும்ப வெறும் "படம்". நான் கீழ எல்லாத்தையும் எழுத்தா இன்னொரு தடவை ஒட்டினேன்.